கறுப்புக் கோட், இருண்ட சுவர்

வாழ்நாள் முழுக்க வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக இருந்த மனிதர், இறந்த பிறகு கோட் போட்டுக்கொள்கிறார். நம் ஊர் ஸ்டூடியோக்களில் இது புதிதல்ல. பிள்ளைகள் ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவருவார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் யாரோ ஒருவரின் கை தெரியும். "அப்பாவ மட்டும் தனியா எடுத்து, ஒரு கறுப்புக் கோட் போட்டுக் குடுங்கண்ணே. மாலை போட்டு மாட்டணும்." சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. உயிரோடு இருந்தபோது ஊர் கொடுக்காத ஒரு மரியாதையைச் சுவரிலாவது கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை அந்தக் கோட்டில் இருக்கிறது. அது நியாயமான ஆசை. ஆனால் அதை நிறைவேற்ற உட்காரும்போது ஒன்று புரியும்: அந்த வெள்ளைச் சட்டைதான் அவரை இருட்டிலிருந்து பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

படத்தில் அவருக்குப் பின்னால் மண்டபத்தின் மரப்பலகைச் சுவர். தேக்குப் பழுப்பு, வெளிச்சம் போதாமல் கிட்டத்தட்டக் கறுப்பு. வெள்ளைச் சட்டை இருந்தவரை தோள் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. சட்டையை எடுத்துவிட்டுக் கறுப்புக் கோட் வைத்ததும் தோள்கள் காணாமல் போகின்றன. மிஞ்சுவது ஒரு முகமும், கழுத்துக்குக் கீழே சட்டைக் காலரின் சிறு முக்கோணமும். தலைமுடிக்கு மை போட்டிருந்தால் நெற்றிக்கு மேலேயும் எல்லை இல்லை. தோள் இல்லாத முகம் இருட்டில் மிதக்கும் முகமூடி போல் ஆகிவிடும். இறந்தவரின் படத்தில் அது இன்னும் கொடுமை.

ஃபோட்டோஷாப்பில் Info என்ற பலகையைத் திறந்து சுட்டியை நகர்த்தினால் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் 0 முதல் 255 வரை எண்ணாகக் காட்டும். 0 முழுக்கறுப்பு, 255 முழுவெள்ளை. இந்தப் படத்தில் சட்டை 200-க்கு மேல், சுவர் 22 அளவில். நான் எடுத்து வைத்த கோட் 25 அளவில். வித்தியாசம் மூன்று. இருட்டான அறையில் நல்ல திரையில் உற்றுப் பார்த்தால் அந்த மூன்று தெரியும். வெயிலில் கைபேசியில் தெரியாது. தாளில் அச்சாகி வந்தால் நிச்சயம் தெரியாது.

ஒரு பொருளின் விளிம்பு அந்தப் பொருளிடமே இருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம். கோட்டின் தோளை நன்றாக வெட்டி எடுத்தால் விளிம்பும் கூடவே வந்துவிடும் என்று. ஆனால் 25-க்கும் 22-க்கும் நடுவில் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் விளிம்பு வராது. அதே கோட் 200 உள்ள சுவருக்கு முன்னால் இருந்தால் கத்தரிக்கோலால் குதறி வெட்டினால்கூட நன்றாகவே தெரியும். துணியில் தேடியவரை எனக்கு விளிம்பு கிடைக்கவில்லை.

இது ஸ்டூடியோவில் ஆளை நிறுத்தி எடுப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு. கறுப்புக் கம்பளித் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் நூற்றில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்னால் தொங்கும் கறுப்புத் திரையும் அப்படியே. இரண்டின்மீதும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால், படத்தில் இரண்டும் 56 அளவில் வந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். இப்போது விளக்கிலிருந்து ஆள் ஒன்றரை மீட்டரில், திரை அவருக்குப் பின்னால் இன்னொரு ஒன்றரை மீட்டரில் என்று வையுங்கள். திரைக்கு விளக்கு இரண்டு மடங்கு தூரம். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகும். திரை 25-க்கு இறங்கிவிடும், கோட் 56-லேயே நிற்கும். திரையை இன்னும் தள்ளி, ஆளுக்குப் பின்னால் மூன்று மீட்டரில் வைத்தால் அதற்கு ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான், 14 அளவுக்குப் போய்விடும். கோட்டின்மீது யாரும் கை வைக்கவில்லை. கோட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடம்தான் வேலை செய்தது.

இந்தக் கணக்கு விளக்கு இருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான். விளக்குக்கு எதிர்ப்பக்கத் தோள் தன் நிழலிலேயே கிடக்கிறது. அது 10-க்கும் கீழே இறங்கித் திரையோடு கலந்துவிடும். அதனால்தான் பின்பக்கமாக, ஆளுக்குப் பக்கவாட்டில் இன்னொரு விளக்கை ஒளித்து வைப்பார்கள். மிகச் சாய்வாக வரும் வெளிச்சத்தைக் கறுப்புத் துணிகூடக் கொஞ்சம் அதிகமாகவே திருப்பி அனுப்பும். நேர் எதிரே நின்று அடித்தால் விழுங்கிவிடும் அதே துணி, ஓரத்தைத் தடவிக்கொண்டு வரும் வெளிச்சத்தில் ஒரு மெல்லிய இழையாக மின்னும். கோட்டின் மடிப்புக் காலரில் பட்டு வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நன்றாக மின்னும்.

ஆனால் கையில் இருப்பது எடுத்து முடித்த படம். சுவரைத் தள்ளி வைக்க முடியாது. படத்தில் இருப்பவரையும் இனி நகர்த்த முடியாது.

முதலில் வருவது இதற்கு நேர் எதிரான தொல்லை. கடைகளில் கிடைக்கும் கோட் படங்களெல்லாம் வெள்ளைப் பின்னணியில் எடுத்தவை. துணியும் வெள்ளையும் சந்திக்கும் இடத்தில் உள்ள புள்ளிகள் பாதி துணி, பாதி வெள்ளை. கோட் 30, பின்னணி 255 என்றால் நடுப்புள்ளி 140 வரும். வெள்ளை மேல் இருந்தவரை அது கண்ணில் படாது. 22 உள்ள சுவர்மீது கொண்டுவந்து வைத்ததும், தோளைச் சுற்றி வெண்மையான நூல் ஓடும். அவருடைய பழைய சட்டையின் மிச்சமும் கழுத்தோரத்தில் இதேபோல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். தேர்வின் விளிம்பை ஒன்றிரண்டு புள்ளி உள்ளே தள்ளுவதும், Decontaminate Colors என்பதை அழுத்துவதும் இதற்குத்தான். சிலர் இந்த வெள்ளை நூலை அப்படியே விட்டுவிடுகிறார்கள். விளிம்பு தெரிகிறதே என்று. தெரிகிறதுதான், ஆனால் வேறொரு அறையின் வெளிச்சம் அது. அந்த மண்டபத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இல்லை என்பதைப் பார்ப்பவரின் கண் ஒரு நொடியில் கண்டுகொள்ளும். காரணம் சொல்லத் தெரியாது. "ஒட்டினமாதிரி இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள்.

நூலைச் சுத்தமாக நீக்கினால் தோள் மறைகிறது. அப்போது கை தானாகப் போகும் இடங்கள் சில உண்டு. கோட்டை வெளுப்பாக்குவது ஒன்று. 25-ஐ 60-க்கு ஏற்றினால் பிரிந்து தெரியும், ஆனால் அது கறுப்புக் கோட் இல்லை, பல தடவை துவைத்துச் சாயம் போன கோட். மரியாதைக்காகப் போட்ட உடுப்பைப் பழைய துணியாக்கிக் கொடுக்கக் கூடாது. இன்னொன்று, ஆளைச் சுற்றிலும் ஒரே அகலத்தில் ஒளிவட்டம் போடுவது. இடது தோள், வலது தோள், அக்குள் எல்லாம் ஒரே மாதிரி மின்னினால், வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது என்று பொருள். காலண்டர் சாமிக்கு அது பொருந்தும். மண்டபத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பொருந்தாது. கோட்டுக்கு நீலச் சாயல் கொடுத்துப் பழுப்புச் சுவரிலிருந்து பிரிக்கப் பார்ப்பதும் உண்டு. இவ்வளவு இருட்டில் நிற வித்தியாசத்தைக் கண் பெரிதாக மதிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று போய்வந்தால் அந்தக் கொஞ்ச நிறமும் கரைந்துவிடும்.

வழி முகத்திலேயே இருந்தது. இந்தப் படத்தில் மூக்கின் நிழல் நமக்கு வலப்பக்கமாக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் வெளிச்சம் நமக்கு இடப்பக்கத்திலிருந்து, மண்டப வாசலிலிருந்து வந்திருக்கிறது. கோட்டும் அந்த வாசல் வெளிச்சத்தில்தான் நிற்க வேண்டும். நான் எடுத்த கோட் படத்தில் வெளிச்சம் எதிர்த் திசையிலிருந்து வந்திருந்தது. கண்ணாடி போல் இடம் வலமாகத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். திருப்பினால் பொத்தான் மாறிவிடும். ஆண்களின் கோட்டில் அணிபவரின் இடப்பக்கம்தான் வலப்பக்கத்தின் மேல் மடியும், மார்புப் பாக்கெட்டும் இடப்பக்கமே. திருப்பிய கோட்டில் இரண்டும் தலைகீழ். தையல்காரர் ஒருவர் துக்கம் விசாரிக்க வந்தால் போதும். ஆகவே கோட்டின் நிழலையும் வெளிச்சத்தையும் கையால்தான் மாற்றிப் போட வேண்டியிருந்தது.

வெளிச்சம் வரும் தோளை, அதாவது நமக்கு இடப்பக்கம் தெரியும் தோளை, 50 வரை ஏற்றினேன். அதுவும் தோள் முழுக்க அல்ல, மேல்விளிம்பில் அகலமாகத் தொடங்கி, கை வளையும் இடத்தில் மெலிந்து மறையும்படி. பின்னால் சுவர் 22. அந்தப் பக்கம் முடிந்தது. வலத்தோள் நிழலில் இருக்கிறது, அதை ஏற்றினால் பொய். அதை இன்னும் இறக்கினேன், 12-க்கு. அதற்குப் பின்னால் இருந்த சுவரை மெதுவாக 34-க்கு உயர்த்தினேன். இடப்பக்கம் வெளுத்த ஆள் இருண்ட சுவரின் மேல், வலப்பக்கம் இருண்ட ஆள் வெளுத்த சுவரின் மேல். இது தன்னிச்சையாகச் செய்ததும் அல்ல. இடமிருந்து வரும் வாசல் வெளிச்சத்தில் அவர்மேல் படாமல் கடந்து போனது வலப்பக்கச் சுவரில்தான் போய் விழும். அங்கே சுவர் கொஞ்சம் வெளுத்திருப்பது இயற்கை. கேமரா பிடிக்காததை நான் சற்று அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஓவியர்களுக்கு இது பழைய வித்தை. பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்தில் வசதியானவர்கள் கறுப்பு உடுத்தித்தான் படம் வரையச் சொன்னார்கள், பின்னணியும் பெரும்பாலும் மங்கல்தான். ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த அத்தகைய படங்களைப் பற்றி வான்கோ 1885-இல் தம்பி தியோவுக்கு எழுதும்போது, அந்த மனிதரிடம் இருபத்தேழு கறுப்புகள் இருக்கின்றன என்கிற மாதிரி வியந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தாரா என்பது வேறு விஷயம். அத்தனை கறுப்புகளும் ஒரே உடுப்பில் இருந்தன, ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைப் பொறுத்து ஏறி இறங்கியது என்பதே கவனிக்க வேண்டியது.

இவ்வளவு செய்தும் சுவரின் வலப்பக்கம் முழுவதையும் 34-இல் விட எனக்கு விருப்பமில்லை. படத்தில் இருந்தது அந்த மண்டபத்து இருட்டுச் சுவர்தான். இங்கே கண்ணின் ஒரு குணம் கைகொடுக்கிறது. ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் 1865-இல் கவனித்தது அது. வெளிச்சம் ஒரு அளவிலிருந்து இன்னொரு அளவுக்கு மாறும் இடத்தில், உண்மையில் இல்லாத ஒரு வெளுத்த பட்டையையும் இருண்ட பட்டையையும் கண் தானாகச் சேர்த்துக்கொள்கிறது. கண்ணுக்கு அளவுகளைவிட மாற்றங்கள்தான் முக்கியம். பின்னாளில் டாம் கார்ன்ஸ்வீட் என்ற அமெரிக்க உளவியலாளரின் பெயரால் அறியப்பட்ட ஒரு படம் இதை இன்னும் தூரம் கொண்டுபோகிறது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பரப்புகள், இரண்டும் ஒரே சாம்பல். சந்திக்கும் கோட்டில் மட்டும் ஒருபக்கம் சற்றே வெளுத்து, மறுபக்கம் சற்றே இருண்டு, உடனே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். பார்ப்பவருக்கு இரண்டு பரப்பும் முழுக்கவே வேறு வேறு நிறமாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒரு பென்சிலால் மறைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

பிரெஞ்சு ஓவியர் சூரா 1884-இல் முடித்த 'அஸ்னியேரில் குளிப்பவர்கள்' ஓவியத்தில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். ஆற்றில் நிற்கும் பையனின் வெளிச்சம் படும் தோளுக்குப் பக்கத்தில் தண்ணீர் காரணமில்லாமல் கொஞ்சம் இருண்டிருக்கும். நிழல் பக்கத்தில் தண்ணீர் வெளுத்திருக்கும். தண்ணீரில் அப்படி எதுவும் நடக்காது. ஆனாலும் பையன் தண்ணீரிலிருந்து பிரிந்து நிற்பான்.

ஆகவே வலத்தோளை ஒட்டிய சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் 34, அங்கிருந்து மெல்ல மெல்ல 24-க்கு இறங்கும்படி விட்டேன். கோட்டும் விளிம்பை நெருங்கும்போதுதான் 12, உள்ளே வர வர 20. பார்ப்பவர் சுவர் வெளுத்ததாகச் சொல்ல மாட்டார், கோட் கறுத்ததாகவும் சொல்ல மாட்டார். தோள் தெரிகிறது என்று மட்டும் சொல்வார். அந்த இறக்கத்தை மிக மென்மையாகச் செய்தால் இன்னொரு ஆபத்து. இருண்ட இடங்களில் ஜேபெக் கோப்பு மென்மையான இறக்கத்தைப் படிப்படியாக வெட்டிவிடும், தோளுக்குப் பின்னால் வளையம் வளையமாகத் தெரியும். பழைய கைபேசிப் படத்தில் இருக்கும் அந்த மணல்மணலான இரைச்சலைக் கோட்டின் மீதும் சுவரின் மீதும் ஒரே அளவாகத் தூவினால் வளையம் உடைந்துபோகும். அது இல்லாமல் வழவழப்பாக இருக்கும் கோட், விளிம்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

எல்லா விளிம்பையும் இப்படித் தேற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம். இரண்டு தோள்கள், கழுத்துக்குப் பக்கத்தில் காலர் எழும் இடம், ஒரு கைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி, இவை தெரிந்தால் போதும். வலக்கையின் கீழ்ப்பகுதியைச் சுவரோடு கலக்க விட்டுவிட்டேன். படத்தை ஒரு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தேன். ஆள் உட்கார்ந்திருக்கிறார். தொலைந்த கையைக் கண் தானே போட்டுக்கொண்டது. சரிபார்க்க இன்னொரு வழி, Curves-ஐ எடுத்து இருண்ட பகுதிகளை மட்டும் தற்காலிகமாக நன்றாக உயர்த்துவது. மறைந்திருக்கும் வெட்டுத்தழும்பு, வெள்ளை நூல், தூரிகை தடவிய தடம் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும்.

இந்த வேலையை எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். உடுப்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். ஆனால் நேரத்தில் பெரும்பகுதி போனது அவர் அல்லாத இடத்தில், அவருக்குப் பின்னால் இருந்த சுவரில். அவருடைய தோள் எங்கே முடிகிறது என்பதை அவர் மட்டும் தீர்மானிக்கவில்லை, சுவர் மட்டும் தீர்மானிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் தீர்மானித்தது. அதையும் பார்ப்பவரின் கண் பாதி கட்டிக்கொடுத்தது. வெள்ளை உடுத்தி இருண்ட இடங்களில் நடமாடிய மனிதரின் எல்லைகள் யாரும் கேட்காமலே தெளிவாக இருந்தன. சுற்றியிருப்பதன் நிறத்திலேயே உடுத்தி நிற்பவரைப் பார்க்க வேண்டுமென்றால், அவரை மட்டும் பார்த்தால் முடியாது. பின்னால் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

தாளுக்குப் போனதும் இந்தச் சங்கிலி இன்னும் நீள்கிறது. பளபளப்பான புகைப்படத் தாளின் மிகக் கறுத்த இடமும் நூற்றில் அரை, ஒரு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதன் மேல் கண்ணாடி போட்டுச் சட்டமிடுகிறோம். கண்ணாடியின் இரண்டு பக்கங்களும் ஆளுக்கு நான்கு என்று நூற்றில் எட்டுப் பங்கு பிரதிபலிக்கும். எதிரே வெள்ளையடித்த சுவர் ஒன்று அதே வெளிச்சத்தில் இருந்தால், அதன் பிம்பம் படத்தின் மேல் சுமார் ஆறு பங்கு வெளிச்சத்தைப் பரப்பும். தாளில் கோட் ஒன்று, பின்சுவர் இரண்டு என்று இருந்தால், கண்ணாடிக்கு மேல் அது ஏழும் எட்டும் ஆகிறது. இரண்டு மடங்காக இருந்த வித்தியாசம் ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். எதிரே ஜன்னலாக இருந்தால் அதுவும் இல்லை.

பழைய வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே, கயிறு கட்டி முன்பக்கம் சாய்த்து மாட்டுவார்கள். கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு வசதி என்பதற்காக இருக்கலாம். ஆனால் அந்தச் சாய்வில் கண்ணாடி எதிர் ஜன்னலைக் காட்டாது, தரையைக் காட்டும். தரை சிவப்புக் காவியோ கறுப்புச் சிமெண்டோ பூசியது. படத்தின் கறுப்பு கறுப்பாகவே நிற்கும். இப்போது கூடத்தில் வெள்ளை டைல்ஸ், படம் சுவரோடு சுவராகத் தட்டையாக ஆணியில், எதிரே பெரிய கண்ணாடி ஜன்னல். அதனால் கோப்பை லேபுக்கு அனுப்பும் முன், எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜன்னலுக்கு எதிரே என்றால் பளபளப்புத் தாள் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம், மேட் லேமினேஷன் போட்டுக்கொள்ளலாம் என்கிறேன். மேட் தாளில் அடிக்கறுப்பே கொஞ்சம் வெளுத்துத்தான் வரும். ஆகவே வலத்தோளுக்குப் பின்னால் இருந்த 34-ஐ இன்னும் கொஞ்சம் ஏற்றி, 40-க்குக் கொண்டுபோய் அனுப்புகிறேன்.